தேர்வாகாத நேர்காணலுக்குப் பிறகு நிறுவனத்திடம் கருத்துக் கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி சேதராப்பட்டிலோ கடலூர் சிப்காட்டிலோ நேர்காணலுக்குப் போய்வந்த யாருக்கும் "சொல்லி அனுப்புறோம்" என்ற வார்த்தை பழக்கமானதுதான். பெரும்பாலும் அதற்குப் பிறகு ஒரு தகவலும் வராது. வந்தாலும், "இம்முறை தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை" என்று ஒரு வரிதான் இருக்கும். எங்கே சறுக்கினோம் என்று தெரியாமலே அடுத்த நேர்காணலுக்குப் போகிறோம். அங்கேயும் அதே கேள்வி வருகிறது, அதே பதிலைச் சொல்கிறோம்.

மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். தேர்வாகாதவர்கள் கருத்துக் கேட்டு எழுதிய கடிதங்கள் எங்களுக்கு வந்துகொண்டே இருந்தன. அவற்றில் மிகச் சிலவற்றுக்குத்தான் பயனுள்ள பதில் போனது. பதில் கிடைத்தவர்கள் திறமையில் உயர்ந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். எழுத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியை அவர்கள் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட கடிதத்தை எழுதும் வழியை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

நிறுவனம் ஏன் வாய் திறப்பதில்லை

நேர்காணல் அறையில் வழக்கமாக ஆய்வகத் தலைவரும் எச்.ஆர். அலுவலரும் இருப்பார்கள். சில இடங்களில் மூத்த கெமிஸ்ட் ஒருவரும் சேர்ந்துகொள்வார். ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரு மதிப்பீட்டுத் தாள் உண்டு. பாட அறிவு, பேசும் விதம், ஷிப்டுக்குச் சம்மதமா, எதிர்பார்க்கும் சம்பளம் என்று கட்டங்கள் இருக்கும். கடைசியில் தேர்வு, ஹோல்டு, நிராகரிப்பு என்ற மூன்றில் ஒன்றைக் குறிப்பார்கள். அந்தத் தாள் எச்.ஆர். கோப்புக்குப் போய்விடும். நீங்கள் எழுதும் கடிதமும் எச்.ஆரிடம்தான் போகும். ஆனால் உங்கள் எந்தப் பதில் உங்களைக் கவிழ்த்தது என்பது ஆய்வகத் தலைவருக்குத்தான் தெரியும்.

காரணம் சொல்லியாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் தனியார் நிறுவனத்துக்குக் கிடையாது. சொன்னால் வரும் தொல்லை மட்டும் உண்டு. "உங்களைவிட அனுபவம் உள்ளவர் கிடைத்தார்" என்று எழுதினால், "அவருக்கு எத்தனை வருட அனுபவம்?" என்று மறுகடிதம் வரும். "ஆங்கிலம் போதாது" என்று எழுதினால், அந்த வரி வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். அதனால் எச்.ஆர். ஒரு பொதுவான வரியை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஆகவே கடிதத்தில் நிறுவனத்தின் முடிவைப் பற்றிக் கேட்காதீர்கள். நீங்கள் சொன்ன ஒரு குறிப்பிட்ட பதிலைப் பற்றிக் கேளுங்கள். "என்னை ஏன் எடுக்கவில்லை" என்று கேட்டால் அவர்கள் தங்கள் முடிவுக்கு நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. "நான் சொன்ன இந்தப் பதிலில் என்ன குறை" என்று கேட்டால் ஆய்வகத் தலைவர் ஆசிரியரைப் போல இரண்டு வரி எழுதிவிட்டுப் போகலாம். அந்த இரண்டு வரிகளால் நிறுவனத்துக்கு எந்தச் சிக்கலும் வராது. கடிதத்தின் மற்ற எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டைச் சார்ந்தவைதான்.

அன்றிரவே எழுதி வையுங்கள்

கடிதத்துக்கான சரக்கு நேர்காணல் நடந்த அன்றிரவே சேர்க்கப்பட வேண்டும். இரண்டு மூன்று நாள் போனால் நாம் சொன்ன பதில் மறந்துவிடும். சொல்லியிருக்க வேண்டிய பதிலையே சொன்னதாக மனம் மாற்றிக்கொள்ளும்.

நோட்டில் கேள்வியை ஒரு பக்கம் எழுதுங்கள், நீங்கள் சொன்ன பதிலை அப்படியே மறுபக்கம் எழுதுங்கள். பதிலைச் செம்மைப்படுத்த வேண்டாம். அதன் கீழே, பதிலைக் கேட்டபின் எதிரில் இருந்தவர் என்ன செய்தார் என்று குறியுங்கள். துணைக்கேள்வி கேட்டாரா, அடுத்த கேள்விக்குத் தாவினாரா, பேனாவை எடுத்து எழுதினாரா என்பதெல்லாம் முக்கியம்.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஒரு பெண் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர். புதுச்சேரியில் ஒரு மருந்து ஆலையில் கியூ.சி. கெமிஸ்ட், அதாவது தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறார். அன்றிரவு அவர் நோட்டில் நான்கு கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, நார்மாலிட்டிக்கும் மொலாரிட்டிக்கும் வேறுபாடு. சரியாகச் சொன்னார், அவர்களும் தலையாட்டினார்கள். இரண்டாவது, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ரிட்டென்ஷன் டைம் என்றால் என்ன. இதுவும் சரி. அது எதனால் மாறும் என்று துணைக்கேள்வி வந்தது, மொபைல் ஃபேஸ் கலவையையும் காலம் எனப்படும் பிரிப்புக் குழாயின் வெப்பநிலையையும் சொன்னார். மூன்றாவது, ஒரு மருந்தில் மூலப்பொருள் எவ்வளவு என்று அளக்கும் அஸ்ஸே சோதனையின் வரம்பு 98.0 முதல் 102.0 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு 96.8 வருகிறது, என்ன செய்வீர்கள்? "இன்னொரு முறை இன்ஜெக்ட் பண்ணிப் பார்ப்பேன் சார், சரியா வந்தா ரிப்போர்ட் பண்ணுவேன்" என்றார். ஆய்வகத் தலைவர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஏதோ எழுதினார். அதற்குமேல் ஆய்வகம் சம்பந்தமாக எதுவும் கேட்கவில்லை. நான்காவது, நைட் ஷிப்ட் முடியுமா. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

கடிதத்தில் கேட்க வேண்டிய கேள்வி அந்த நோட்டில்தான் இருக்கிறது. எங்கே துணைக்கேள்வி வராமல் நின்றுபோனதோ அந்த இடத்தைப் பாருங்கள். மேசையில் இருப்பவருக்கு ஆர்வம் இருந்தால் அவர் மேலே தோண்டுவார். தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றினால், பதில் நிறைவாக இருந்திருக்கலாம், அல்லது அத்தோடு முடிவு செய்திருக்கலாம். இரண்டில் எது என்று அறிய, வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிலை நீங்களே சரிபார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் கடிதம் எழுதினால், பாடப்புத்தகம் சொல்லக்கூடியதை நிறுவனத்திடம் கேட்பது போலாகிவிடும்.

இந்தப் பெண் மூன்றாவது கேள்வியைத் தேடிப் படிக்கிறார். வரம்புக்கு வெளியே வரும் முடிவை மருந்துத் துறையில் ஓ.ஓ.எஸ். என்பார்கள். அப்படி வந்தால் உடனே மறுபடி இன்ஜெக்ட் செய்யக் கூடாது. வந்த எண்ணை அப்படியே பதிவு செய்து மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். தயாரித்த கரைசலைக் கொட்டிவிடாமல் வைத்திருக்க வேண்டும். எடை, நீர்த்தல், ஸ்டாண்டர்டு, கருவி, கணக்கு ஆகியவற்றில் தவறு நடந்ததா என்று விசாரணை நடக்கும். ஆய்வகத் தவறு ஆதாரத்தோடு நிரூபணமானால்தான் முதல் முடிவைத் தள்ளலாம். சரியான எண் வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பது அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் 1993-இல் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. ஓ.ஓ.எஸ். விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இல் வழிகாட்டுதலும் வெளியிட்டது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் எந்த ஆலையிலும் "சரியா வந்தா ரிப்போர்ட் பண்ணுவேன்" என்ற சொல் காதில் விழுந்தால் ஆய்வகத் தலைவருக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்போது அவருக்குப் பாதி பதில் தெரிந்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் கடிதம். அந்தப் பதில்தான் தடையாக இருந்ததா, அல்லது ஷிப்ட் பற்றிய தயக்கமா? புதியவரிடம் இந்த விஷயத்தில் எவ்வளவு ஆழம் எதிர்பார்க்கிறார்கள்? இவற்றைப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, உள்ளே இருந்தவர்தான் சொல்ல முடியும்.

சம்பளம், ஊர், சிபாரிசு, தேர்வானவர் யார் என்பதையெல்லாம் கடிதத்துக்குள் கொண்டுவராதீர்கள். அவை உண்மையான காரணமாகவே இருந்தாலும் எழுத்தில் பதில் வராது. அவை கடிதத்தில் இருப்பதாலேயே மற்ற கேள்விக்கும் பதில் வராமல் போகும்.

யாருக்கு, எப்போது

முதலில் நிராகரிப்பு உறுதியா என்று பாருங்கள். மேலே சொன்ன ஹோல்டு பட்டியலில் நீங்கள் இருக்கக்கூடும். தேர்வானவர் சேரவில்லை என்றால் அடுத்து உங்களைக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் "என் குறை என்ன" என்று எழுதுவது தன் கையால் தன்னைத் தள்ளிக்கொள்வது. தகவலே வரவில்லை என்றால், அவர்கள் சொன்ன நாள் கடந்து ஒரு வாரம் பொறுத்து, "எனது விண்ணப்பத்தின் நிலையை அறிய விரும்புகிறேன்" என்று மட்டும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இல்லை என்று தெரிந்தபிறகு கருத்துக் கேட்கும் கடிதத்தை இரண்டு மூன்று நாளுக்குள் அனுப்புங்கள். தள்ளிப்போட்டால் உங்கள் முகம் அவர்களுக்கு மறந்துவிடும். ஒரே நாளில் வரிசையாகப் பலரைப் பார்க்கும் வாக்-இன் நேர்காணலாக இருந்தால் இன்னும் வேகமாக மறக்கும்.

கடிதத்தை எச்.ஆருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஆய்வகத் தலைவரின் பார்வைக்கு அனுப்புமாறு அதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய சொந்த எண்ணைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், அது எல்லை மீறலாகத் தெரியும். ஆலை கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுக்கும் கடிதம் உள்ளே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. கன்சல்டன்சி மூலம் போயிருந்தால் அவர்களுக்குத்தான் எழுத வேண்டும். நேரடியாக நிறுவனத்துக்கு எழுதினால் இரு தரப்புக்கும் சங்கடம்.

நெய்வேலி என்.எல்.சி., ஜிப்மர் போன்ற பொதுத்துறை, அரசு நிறுவனங்களுக்கு வழி வேறு. அங்கே கருத்துக் கேட்கும் கடிதத்தைவிடத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுவது பயன் தரும். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அந்தச் சட்டப்படி பதிவில் இருக்கும் தகவலைத்தான் கேட்கலாம். "எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் நான் பெற்ற மதிப்பெண், அந்தப் பிரிவின் கட்-ஆஃப்" என்று கேளுங்கள். "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்டால், அது தகவல் கேட்பது ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். தனியார் ஆலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

கடிதம்

பொதுவாக வரும் கடிதம் இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் நேர்காணலுக்கு வந்திருந்தேன். எல்லாக் கேள்விக்கும் நன்றாகவே பதில் சொன்னேன். ஆனாலும் என்னைத் தேர்வு செய்யவில்லை. என் குடும்பச் சூழல் மிகவும் கடினமானது. இந்த வேலையை நம்பி இருந்தேன். என்னை ஏன் தேர்வு செய்யவில்லை என்று தயவுசெய்து தெரிவிக்கவும். மீண்டும் ஒரு வாய்ப்புத் தந்தால் என் திறமையை நிரூபிப்பேன்."

இதை எழுதியவரின் வலி உண்மையானது. ஆனால் படிப்பவரால் இதற்குப் பதில் எழுத முடியாது. "நன்றாகவே பதில் சொன்னேன்" என்ற வரி அவருடைய மதிப்பீட்டை மறுக்கிறது. குடும்பச் சூழலைப் படித்த பிறகு என்ன எழுதினாலும் கல்நெஞ்சாகத் தோன்றும், ஆறுதலாக எழுதினால் வேலை தருவதாக நம்பிக்கை கொடுத்ததாகிவிடும். கடைசி வரி வேலை கேட்கிறது. ஒரே கடிதத்தில் கருத்தும் வேலையும் கேட்டால், கருத்துக் கேட்பது வேலை கேட்பதற்கான சாக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பதவி, எந்தத் தேதி என்பதும் இல்லை. யார் என்று கண்டுபிடிக்கவே கோப்பைப் புரட்ட வேண்டும்.

நம் கடலூர்ப் பெண் எழுத வேண்டிய கடிதம் இது:

"பொருள்: கியூ.சி. கெமிஸ்ட் நேர்காணல் (தேதி) – எனது ஒரு பதிலைப் பற்றி விளக்கம் வேண்டி

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

மேற்கண்ட நாளில் கியூ.சி. கெமிஸ்ட் பதவிக்கான நேர்காணலுக்கு வந்திருந்தேன். தேர்வாகவில்லை என்ற தங்கள் தகவல் கிடைத்தது. நேரம் ஒதுக்கி நேர்காணல் நடத்தியதற்கு நன்றி. தங்கள் முடிவை ஏற்கிறேன். அதை மறுபரிசீலனை செய்யக் கேட்டு இதை எழுதவில்லை.

அஸ்ஸே முடிவு வரம்புக்குக் கீழே வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆய்வகத் தலைவர் கேட்டார். மறுபடி இன்ஜெக்ட் செய்து பார்ப்பேன் என்று சொன்னேன். பிறகு படித்தபோது, முதலில் பதிவு செய்து மேற்பார்வையாளருக்குத் தெரிவித்து, கரைசலைப் பாதுகாத்து, விசாரணைக்குப் பிறகே மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு விளக்கங்கள் தந்தால் உதவியாக இருக்கும்:

1. என் குறை முக்கியமாக இந்தப் பதிலில்தானா, அல்லது நான் முதலில் சரிசெய்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது உண்டா?

2. அனுபவம் இல்லாத ஒருவர் இந்தத் தலைப்பில் எந்த அளவு தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

இந்த மின்னஞ்சலை ஆய்வகத் தலைவரின் பார்வைக்கு அனுப்பினால் நன்றியுடையவளாவேன். ஓரிரு வரி போதும். தாங்கள் தரும் கருத்தை வேறு யாருடனும் பகிர மாட்டேன்.

இப்படிக்கு,
(பெயர், கைபேசி எண்)"

இதில் கவனிக்க வேண்டியது "முடிவை ஏற்கிறேன்" என்ற வரி. எச்.ஆரின் அச்சத்தை அது முதலிலேயே எடுத்துவிடுகிறது. அந்த வரியை எழுதினால் உண்மையாகவே எழுதுங்கள், பிறகு வாக்குவாதத்துக்கு இறங்காதீர்கள். இரண்டாவது பத்தி, ஆய்வகத் தலைவருக்கு உங்கள் முகத்தை நினைவூட்டுகிறது. அதைவிட, வேலை கிடைக்காத இடத்துக் கேள்வியை வீட்டுக்குப் போய்ப் படித்தவர் என்று காட்டுகிறது. எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால், பதில் எழுதாமல் இருக்க மனம் வராது. முதல் கேள்வியில் "வேறு ஏதாவது உண்டா" என்று கதவைத் திறந்து வைத்திருப்பதும் முக்கியம். ஷிப்ட் தயக்கம்தான் காரணம் என்றால் அதை அவர்கள் அங்கே சொல்லலாம், நாமாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

நிறுவனத்தின் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் என்றால், இதையே உங்களுக்குச் சரளமாக வரும் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் அலங்கார மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால், நேர்காணலில் உங்கள் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது உங்கள் எழுத்து இல்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

பதில் வந்தால், வராவிட்டால்

பத்து நாள் கடந்தும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். நினைவூட்டல் அனுப்புவது வேலை விண்ணப்பத்துக்குப் பொருந்தும், உதவி கேட்டதற்குப் பொருந்தாது. கடிதம் எழுதுவதற்காக நீங்கள் படித்தது எப்படியும் உங்களிடம்தான் இருக்கும்.

பதில் வந்தால் அதை நிதானமாகப் படியுங்கள். "போட்டி அதிகமாக இருந்தது", "தங்கள் விவரம் கோப்பில் உள்ளது" என்பவை பொதுவான வரிகள். அவற்றிலிருந்து நல்லதோ கெட்டதோ எதையும் ஊகிக்க வேண்டாம். "இன்னும் கொஞ்சம் நடைமுறை அனுபவம் தேவை" என்பது பாதிப் பதில். புதியவர்களுக்கான பதவிக்கே இப்படி எழுதினால், கருவியை நீங்கள் கையால் இயக்கியதில்லை என்று உங்கள் பேச்சில் தெரிந்திருக்கிறது என்று பொருள். முழுப் பதிலில் உங்கள் கேள்வியின் சொற்கள் திரும்பி வரும். "அடிப்படை நன்றாக இருந்தது. ஓ.ஓ.எஸ். பதில்தான் எங்களுக்குக் கவலை. புதியவர் முழு நடைமுறையும் சொல்ல வேண்டியதில்லை, முதலில் மேற்பார்வையாளரிடம் தெரிவிப்பேன் என்று சொன்னாலே போதும்." இப்படி ஒரு பதில் வந்தால் அந்தப் பெண்ணின் இரண்டு கேள்விகளும் தீர்ந்துவிட்டன.

ஒரே நிறுவனத்தின் கருத்தை வைத்து எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். ஓ.ஓ.எஸ். போன்ற விஷயம் துறை முழுவதற்கும் பொது, உடனே சரிசெய்ய வேண்டும். "பேச்சில் வேகம் போதாது" என்பது போன்ற கருத்து ஒருவரின் ரசனையாகவும் இருக்கலாம். இன்னொரு இடத்திலும் அதே சொல் வந்தால் அதில் இறங்குங்கள்.

பதிலுக்கு நன்றி சொல்லும் மின்னஞ்சல் மூன்று வரிக்குமேல் போகக் கூடாது: "தங்கள் கருத்து தெளிவாக இருந்தது. மேற்பார்வையாளருக்குத் தெரிவிப்பதில் தொடங்கி விசாரணை நடைமுறை முழுவதையும் படித்து வருகிறேன். மிக்க நன்றி ஐயா." விளக்கமோ மறுப்போ அதில் வேண்டாம், வேலை பற்றிய பேச்சும் வேண்டாம். கருத்து தவறு என்று தோன்றினாலும் இதே மூன்று வரிதான். அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எந்தக் குழுவிலும் போடாதீர்கள். புதுச்சேரி, கடலூர் ஆய்வகங்களில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் வேலை பார்த்தவர்கள், சுற்றிச் சுற்றி அது பதில் எழுதியவரிடமே வந்து சேரும்.

அதே நிறுவனத்தில் மறுபடி விளம்பரம் வந்தால், புதிய விண்ணப்பத்தை இந்த மின்னஞ்சல் தொடரிலேயே பதிலாக அனுப்புங்கள். மேலே ஒரு வரி சேர்த்தால் போதும்: "முன்பு தாங்கள் தந்த கருத்தின்படி ஓ.ஓ.எஸ். நடைமுறையைப் படித்து முடித்துள்ளேன். நைட் ஷிப்டுக்கும் வீட்டில் சம்மதம் பெற்றுள்ளேன்." பழைய மதிப்பீட்டுத் தாளைத் தேடி எடுக்கும் எச்.ஆர்., அதில் எழுதியிருக்கும் குறைக்கு எதிரே இந்த வரியையும் சேர்த்து வைத்துத்தான் ஆய்வகத் தலைவரிடம் கொண்டுபோவார்.